மூன்று தாள்களும் ஒரு கண்டெய்னரும்

மார்ச் 18ஆம் தேதி மதியம், தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தின் கவுண்ட்டரில் மூன்று தாள்கள் கைமாறின. மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே எண், ஒரே கையெழுத்து. மூன்றின் நெற்றியிலும் 'ஒரிஜினல்' என்று அச்சிட்டிருந்தது. பின்பக்கம் கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில் நிபந்தனைகள். வாங்கிக்கொண்டவர் அவற்றை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். அந்த நேரத்தில் கரூரில் நெய்த 28,800 சமையலறைத் துண்டுகள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாறக் காத்திருந்தன. துண்டுகள் யாருடையவை என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை. பதில் அந்த உறைக்குள் இருந்தது.

அந்தத் தாளின் பெயர் பில் ஆஃப் லேடிங். தொழிலில் இருப்பவர்கள் பி.எல். என்பார்கள். அது மூன்று வேலை செய்கிறது. சரக்கை வாங்கிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது அது. இன்ன துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்ற ஒப்பந்தத்துக்குச் சாட்சியும் அதுதான். மூன்றாவது வேலையில்தான் சிறு ஏற்றுமதியாளரின் பணம் தங்கியிருக்கிறது: முறைப்படி அதைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அங்கே சரக்கு. இந்தியாவில் இதற்கென்று 1856இல் போட்ட சட்டம் 2025 வரை நடைமுறையில் இருந்தது. அந்த ஆண்டு வேறொரு சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

அந்த மூன்று தாள்களும் எப்படிப் பிறந்தன, யார் யார் கையில் தங்கின, எங்கே முடிந்தன என்று தொடர்ந்து போய்ப் பார்ப்போம். ஊரும் விதிகளும் உள்ளபடியே. கரூர்க்காரரும் அவருடைய ஆர்டரும் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட உதாரணம்.

ஆர்டர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து வியாபாரி ஒருவருடையது. ஒரு துண்டு 1.10 டாலர், மொத்தம் 31,680 டாலர். கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. அதாவது சி.ஐ.எஃப். ஹாம்பர்க். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பணத்தை முதலில் அனுப்ப ஜெர்மன்காரர் தயாரில்லை, சரக்கை முதலில் கொடுக்கக் கரூர்க்காரர் தயாரில்லை. நடுவில் ஜெர்மன் வங்கி ஒன்று எல்.சி. திறந்தது. நாங்கள் கேட்கும் ஆவணங்களைக் கேட்டபடி கொடுத்தால் பணம் தருகிறோம் என்ற எழுத்துமூலமான வாக்கு அது. அதில் மார்ச் 20க்குள் கப்பலில் ஏற்ற வேண்டும் என்றும், பி.எல். மூன்று ஒரிஜினலும் வேண்டும் என்றும், பெறுநர் கட்டத்தில் தங்கள் வங்கியின் பெயர் 'உத்தரவுப்படி' என்ற சொல்லோடு இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. தாள்கள் பிறக்கும் முன்பே அவற்றின் ஜாதகத்தை எழுதியது இந்த எல்.சி.தான்.

பி.எல்.லுக்கு முன்னே பிறக்க வேண்டிய தாள்கள் சில உண்டு. முதலில் இன்வாய்ஸ், யாருக்கு எதை என்ன விலைக்கு விற்றோம் என்பது. அடுத்து பேக்கிங் லிஸ்ட், எந்தப் பெட்டியில் எத்தனை, என்ன எடை என்பது. நம் ஆர்டரில் பெட்டிக்கு 72 துண்டு, 400 பெட்டி. பெட்டி ஒன்று அட்டையோடு 15 கிலோ, ஆக மொத்த எடை 6,000 கிலோ. இந்த 400, 6,000 என்ற இரண்டு எண்களும் இனி எந்தத் தாளுக்குப் போனாலும் மாறாமல் போய்ச் சேர வேண்டும்.

இந்த இரண்டையும் வைத்துக் கஸ்டம்ஸ் புரோக்கர் சுங்கத்துறையின் கணினித் தளத்தில் ஷிப்பிங் பில் போட்டார். பெயரில் 'பில்' இருப்பதால் புதியவர்கள் இதையும் பி.எல்.லையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ஷிப்பிங் பில் நாம் அரசுக்குச் சொல்வது: இந்தச் சரக்கை நாட்டைவிட்டு வெளியே அனுப்புகிறேன், இதற்கான பணம் இந்த வங்கி வழியாக வரும் என்று. பி.எல். கப்பல் கம்பெனி நமக்குச் சொல்வது. மார்ச் 12 அன்று சுங்கத்துறை ஏற்றுமதிக்கு அனுமதி உத்தரவு தந்தது. கரூரிலிருந்து லாரியில் வந்த பெட்டிகள் தூத்துக்குடி சரக்கு நிலையத்தில் 20 அடி கண்டெய்னருக்குள் ஏறின. கதவு மூடி சீல் விழுந்தது.

சீல் விழுந்த கண்டெய்னருக்குத் துறைமுகம் இன்னொரு எடை கேட்கும். 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க இருக்கும் விதி இது: கண்டெய்னரின் சொந்த எடையையும் சேர்த்து, சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது. வெறும் கண்டெய்னர் 2,200 கிலோ. ஆக 8,200. இந்த எண் கப்பலின் சமநிலைக் கணக்குக்கானது. அங்கேயே அது நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. மார்ச் 14 அன்று பி.எல்.லின் வரைவு மின்னஞ்சலில் வந்தது. அச்சாகும் முன் ஏற்றுமதியாளர் சரிபார்ப்பதற்காக அனுப்புவது. கரூர்க்காரர் அதைத் திறந்து தன் கம்பெனிப் பெயரில் எழுத்துப்பிழை இல்லையா என்று பார்த்தார், சரி என்று பதில் அடிக்கப் போனார். புரோக்கர் அலுவலகத்தில் முப்பது வருஷமாகத் தாள் பார்க்கும் பெரியவர் அதற்குள் போன் செய்துவிட்டார்.

"தம்பி, சரின்னு சொல்லிராதீங்க. வெயிட் எவ்வளவு போட்டிருக்கான் பாருங்க."

"எட்டாயிரத்து இருநூறுங்கண்ணே."

"நம்ம பேக்கிங் லிஸ்ட்ல?"

"ஆறாயிரமுங்க. அட, கண்டெய்னரோட எடைய இதுல அடிச்சுட்டாங்களா?"

"அதான். இப்ப கன்சைனி கட்டத்தைப் பாருங்க."

அங்கே வங்கியின் பெயர் இல்லை. ஜெர்மன் வியாபாரியின் பெயர் நேராக உட்கார்ந்திருந்தது. ஷிப்பிங் பில்லில் வாங்குபவர் என்று இருந்ததை யாரோ அப்படியே எடுத்து அடித்துவிட்டார்கள்.

இரண்டு தவறும் பார்க்க ஒரே மாதிரி தட்டச்சுப் பிழைகள்தான், ஆனால் விளைவு வேறு வேறு. எடைப் பிழையால் வங்கியில் தாள் நிற்கும், ஏனென்றால் ஒரு தாளில் உள்ள விவரம் இன்னொரு தாளோடு முரண்படக் கூடாது. கப்பல் கம்பெனி சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பட்டியலிலும் விவரம் ஷிப்பிங் பில்லோடு பொருந்தாமல் போனால் டிராபேக் தொகையும் ஜி.எஸ்.டி. திரும்பப் பெறுவதும் சிக்கிக்கொள்ளும். இவை அலைச்சல்கள். அலைந்தால் தீரும்.

பெறுநர் கட்டத்தில் விழுந்த பிழை அப்படியில்லை. அந்தக் கட்டத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் சரக்கு அவருக்கே என்று பொருள். அப்படிப்பட்ட பி.எல்.லைக் கையெழுத்துப் போட்டு வேறொருவருக்கு மாற்ற முடியாது. பணம் கட்ட மறுத்தால் வேறு ஆளுக்கு விற்கும் வழி குறுகிவிடும். சில நாடுகளில் ஒரிஜினல் இல்லாமலேயே பெயருக்குரியவர் சரக்கை எடுத்துவிடவும் இடமுண்டு. 'உத்தரவுப்படி' என்ற சொல் இருந்தால்தான் தாள் கைமாறும் தகுதியைப் பெறுகிறது. யாருடைய உத்தரவு என்பது அடுத்த கேள்வி. வங்கியின் உத்தரவு என்றால் வங்கி பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபிறகுதான் வியாபாரிக்குச் சரக்கு. எல்.சி. இல்லாத வியாபாரத்தில் ஏற்றுமதியாளர் தன் உத்தரவு என்றே போட்டுக்கொள்ளலாம். அப்போது பின்பக்கம் கையெழுத்தும் முத்திரையும் போடுவது அவர் வேலை. யார் பெயரும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டால், அதன் பிறகு அந்தத் தாள் கிட்டத்தட்ட ரூபாய் நோட்டு மாதிரி, வைத்திருப்பவர் கையில் சரக்கு. அதனால் அந்தக் கையெழுத்தை வங்கிக்குக் கொடுக்கும் நாளில்தான் போட வேண்டும், முன்கூட்டிப் போட்டு மேசையில் வைக்கக் கூடாது.

வரைவில் திருத்த ஒரு மின்னஞ்சல் போதும். அச்சான பிறகு திருத்த மூன்று ஒரிஜினலையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கப்பல் கிளம்பியிருந்தால் பட்டியல் திருத்தமும் சேரும். பெரியவர் போன் செய்த அந்தப் பத்து நிமிடம் அவ்வளவு மதிப்புள்ளது.

மார்ச் 16 அன்று ஃபீடர் கப்பல் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பியது. பி.எல்.லில் 'கப்பலில் ஏற்றப்பட்டது, மார்ச் 16' என்ற குறிப்பு விழுந்தது. சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் பி.எல்.லும் உண்டு. எல்.சி.க்கு அது போதாது, கப்பலில் ஏறியதாகத் தேதியோடு சொல்ல வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் எல்லா கடிகாரமும் ஓடுகிறது. எல்.சி.யின் கடைசி நாளான மார்ச் 20ஐ இது தாண்டவில்லை, நல்லது. கப்பல் 22ஆம் தேதி கிளம்பியிருந்தால்? தேதியை இரண்டு நாள் முன்னே போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய் ஆவணம். கப்பல் எந்த நாளில் எங்கே இருந்தது என்பதை இன்று யார் வேண்டுமானாலும் கணினியில் பார்த்துவிடலாம். நேரான வழி, வாங்குபவரிடம் சொல்லி எல்.சி.யின் தேதியை முன்கூட்டியே திருத்தி வாங்குவது.

இந்தத் தேதியோடு இன்னொரு தாள் பிணைந்திருக்கிறது. சி.ஐ.எஃப். என்பதால் காப்பீட்டுச் சான்றிதழ் நம் பொறுப்பு. எல்.சி. வேறு தொகை சொல்லாவிட்டால் இன்வாய்ஸ் மதிப்பில் குறைந்தது 110 சதவீதத்துக்கு, இங்கே 34,848 டாலருக்கு, எடுக்க வேண்டும். கப்பல் பெயர் உறுதியாகட்டும் என்று பி.எல். வந்தபிறகு காப்பீடு எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்போது காப்பீட்டின் தேதி மார்ச் 18 என்று விழும், சரக்கு இரண்டு நாள் காப்பில்லாமல் கடலில் இருந்ததாகத் தாளே சொல்லும். வங்கி அதை ஏற்காது. கரூர்க்காரர் 13ஆம் தேதியே எடுத்திருந்தார். வர்த்தக சபையிலிருந்து, பொருள் இந்தியாவில் செய்தது என்று சொல்லும் பிறப்பிடச் சான்றிதழும் வந்துவிட்டது.

கப்பல் கூலியைக் கட்டியபிறகு மார்ச் 18 அன்று அந்த மூன்று தாள்கள் கைக்கு வந்தன. முகப்பில் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு அருகே 'அடங்கியுள்ளதாகச் சொல்லப்படுகிறது' என்ற வாசகம் இருந்தது. புதியவர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். பதற வேண்டாம். மூடிய கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று கப்பல்காரர் எண்ணிப் பார்க்கவில்லை, அதைத்தான் சொல்கிறார். பயப்பட வேண்டியது வேறு: பெட்டி நனைந்திருந்தது, கிழிந்திருந்தது என்று சரக்கின் நிலையைக் குறை சொல்லும் குறிப்பு. அது விழுந்தால் பி.எல். சுத்தமானது அல்ல, எல்.சி.யில் பணம் நிற்கும்.

ஏன் மூன்று? பாய்மரக் காலத்தில் ஒரு தாள் கப்பலோடு மூழ்கினால் இன்னொன்று வேறு கப்பலில் போய்ச் சேரட்டும் என்று வந்த ஏற்பாடு. பழக்கம் நிலைத்துவிட்டது. மூன்றில் ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது. இதில் உள்ள ஆபத்தை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1882இல் தீர்த்த வழக்கு ஒன்று காட்டுகிறது. ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு 20 பீப்பாய் சர்க்கரை வந்தது. வியாபாரி முதல் ஒரிஜினலை ஒரு வங்கியில் அடகு வைத்துப் பணம் வாங்கினார். பிறகு இரண்டாவது ஒரிஜினலைத் துறைமுகக் கிடங்கில் காட்டிச் சர்க்கரையையும் எடுத்துவிட்டார். வங்கி கிடங்குக்காரர்மேல் வழக்குப் போட்டது, தோற்றது. வேறொரு தாள் வேறொருவரிடம் இருப்பது தெரியாமல், முதலில் வந்த ஒரிஜினலுக்கு நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மேல் குற்றமில்லை என்பது தீர்ப்பு. வங்கிகள் மூன்றும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். "ஒரு ஒரிஜினலை மட்டும் எனக்கு நேராக கூரியரில் அனுப்பிவிடுங்கள், சீக்கிரம் சரக்கை எடுத்துக்கொள்கிறேன்" என்று வாங்குபவர் கேட்டால், அவர் கேட்பது மூன்றில் ஒரு பங்கை அல்ல, முழுச் சரக்கையும்.

மார்ச் 23 அன்று மூன்று தாள்களும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், காப்பீடு, பிறப்பிடச் சான்றிதழோடு கரூர் வங்கிக்குள் நுழைந்தன. யு.சி.பி. 600 என்று உலகம் முழுக்க வங்கிகள் பின்பற்றும் விதித்தொகுப்பு 2007 முதல் இருக்கிறது. அதன்படி கப்பலில் ஏற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 6க்குள், ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் எல்.சி.யே காலாவதியானால் அந்த நாளே எல்லை. பார்க்கும் வங்கி ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாள் அவகாசம். வங்கி துண்டைத் தொட்டுப் பார்க்காது, தாளை மட்டும் பார்க்கும். இன்வாய்ஸில் பொருளின் விவரம் எல்.சி.யில் உள்ளதற்கு ஒத்திருக்க வேண்டும். பி.எல்.லில் பொதுவாக 'பருத்தித் துண்டுகள்' என்று இருந்தாலும் முரண் இல்லாதவரை போதும். எல்.சி. இடையில் கப்பல் மாறக் கூடாது என்று சொன்னாலும், கண்டெய்னரில் போவதாக பி.எல். காட்டினால், பயணம் முழுவதும் ஒரே பி.எல்.லில் அடங்கினால், கொழும்பு மாற்றத்தை அந்த விதிகள் தவறாக எடுப்பதில்லை.

தாள்கள் கூரியர் விமானத்தில் ஏறி ஹாம்பர்க் வங்கிக்குப் போயின. அங்கே குறை ஒன்றும் கிடைக்கவில்லை. ஏப்ரல் 8 அன்று பணம் கரூர்க் கணக்கில் விழுந்தது. கப்பல் அப்போது இன்னும் கடலில்தான். குறை கிடைத்திருந்தால் வங்கி மறுப்பறிவிப்பு அனுப்பும், வாங்குபவர் குறையை ஏற்றுக்கொண்டால் பணம் தரும், இல்லையென்றால் தாள்கள் திரும்பும். சரக்கின் சந்தை விலை இறங்கியிருக்கும் நேரத்தில் ஒரு சின்ன முரணே வாங்குபவருக்குப் பேரம் பேசும் ஆயுதமாகிவிடும்.

ஹாம்பர்க்குக்குப் போகும்போது விமானம் கப்பலை எளிதாக முந்திவிடும். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கோ துபாய்க்கோ அனுப்பினால் சரக்கு முதலில் போய்விடும், தாள் வங்கியில் மெதுவாக நகரும், துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறும். அங்கேதான் சரண்டர் என்ற முறை வருகிறது. மூன்று ஒரிஜினலையும் தூத்துக்குடியிலேயே கப்பல் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், அங்கே தாள் கேட்காமல் சரக்கைக் கொடுக்கச் சொல்லிச் செய்தி போகும். வசதிதான். பணம் வந்தபிறகு செய்தால் வசதி, வரும்முன் செய்தால் கடன். கப்பல் கம்பெனி தானாகவே ஒரிஜினல் இல்லாமல் சரக்கைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு அதன்மேல் விழும். சிங்கப்பூருக்குப் போன சைக்கிள் உதிரிபாகங்களை அப்படிக் கொடுத்துவிட்ட வழக்கில் 1959இல் பிரிவி கவுன்சில் கப்பல் தரப்புக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது.

இந்தப் பொறுப்பு உண்மையான கப்பல் கம்பெனி பின்னால் நிற்கும்போது மட்டுமே உதவும். ஒரு கண்டெய்னர் நிறையாத சரக்கை அனுப்புகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஃபார்வர்டர் தன் பெயரில் தரும் ஹவுஸ் பி.எல். கப்பல் கம்பெனி தரும் மாஸ்டர் பி.எல். ஃபார்வர்டர் பெயரில் இருக்கும். வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கைக் கப்பலிடமிருந்து எடுப்பது ஃபார்வர்டரின் ஆள். எஃப்.ஓ.பி. வியாபாரத்தில் கப்பல் கூலி வாங்குபவருடையது, ஃபார்வர்டரையும் அவரே சொல்வார். அந்த ஃபார்வர்டர் பெயர் தெரியாதவராக இருந்து, அங்குள்ள ஆள் ஒரிஜினல் இல்லாமல் சரக்கை விட்டுவிட்டால், நம் வங்கியில் மூன்று தாள்களும் பத்திரமாக இருக்கும், அவற்றுக்குப் பின்னால் சரக்கு இருக்காது. அதனால் ஹவுஸ் பி.எல். வாங்கும்போது அதைத் தருபவர் 1993ஆம் ஆண்டின் பன்முகப் போக்குவரத்துச் சட்டப்படி இந்தியாவில் பதிவு பெற்றவரா என்று கேட்டுப் பார்ப்பது முதல் வேலை. பதிவு இல்லையென்றால் பாதிப் பணத்தையாவது முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம், இல்லை வேறு ஃபார்வர்டரைக் கேட்கலாம்.

ஹாம்பர்க் வங்கி தாள்களின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டிய வியாபாரியிடம் கொடுத்தது. ஏப்ரல் 19 அன்று கப்பல் வந்தது. வியாபாரியின் ஆள் ஒரிஜினலைக் கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் ஒப்படைத்து, உள்ளூர்க் கட்டணங்களைக் கட்டி, சரக்கை விடுவிக்கும் உத்தரவு வாங்கினார். கண்டெய்னர் துறைமுகத்தின் வாசலைத் தாண்டியது. கரூர் வங்கி ஏற்றுமதிப் பணம் வந்ததைப் பதிந்து அந்த ஷிப்பிங் பில்லின் கணக்கை முடித்தது.

மூன்று தாள்களும் இப்போது ஹாம்பர்க்கில் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். 'ஒரிஜினல்' என்ற எழுத்து அப்படியே இருக்கும், கையெழுத்தும் அழிந்திருக்காது. அவற்றை எடுத்துக்கொண்டு எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் ஒரு துண்டு கிடைக்காது. 6,000 கிலோ சரக்கு அவற்றிலிருந்து இறங்கிவிட்டது.